அண்ணனை விமானத்திலிருந்து இறக்கிவிட்ட இரவு

2019 ஜனவரியில் நொய்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு, நானும் அண்ணனும் தில்லியிலிருந்து சென்னைக்கு இரவு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று நடந்ததை எங்கள் வீட்டில் பல வருடம் யாரும் பேசவில்லை. இப்போது அண்ணனே "எழுது, நாலு பேருக்கு உதவும்" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் உயரமானவர். கால் நீட்ட இடம் வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டி, அவசரகால வழி இருக்கும் வரிசையில் இரண்டு இருக்கைகள் எடுத்திருந்தேன். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு வேளை இன்சுலின் தவறினாலும் பதறிப்போவார். இன்சுலின் பென், ஊசி முனைகள், சர்க்கரை பார்க்கும் மெஷின், குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் ஒரு சின்ன நீலப் பையில் இருக்கும். அந்தப் பை எப்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எட்டே முக்காலுக்கு உட்கார்ந்தோம், ஒன்பது பத்துக்குக் கதவை மூடினார்கள். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஓடுபாதை தெரியவில்லை, அனுமதி வந்ததும் கிளம்புவோம் என்று கேப்டன் அறிவித்தார். பத்து மணி ஆனது. அண்ணன் சாப்பிடும் நேரம் தாண்டிவிட்டது. மேலே வைத்திருந்த நீலப் பையை எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு, தங்கை கட்டிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டார். பையைக் காலடியிலேயே வைத்துக்கொண்டார். அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பத்தேகாலுக்கு அனுமதி வந்தது. விமானப் பணிப்பெண்கள் வேகமாக நடந்து பெல்ட், சாய்வு, ஜன்னல் மூடி எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்தவளுக்கு இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதுதான் இருக்கும். பையைக் காட்டி ஹிந்தியில் ஏதோ சொன்னாள். எங்கள் இருவருக்கும் ஹிந்தி வராது. அண்ணன் தமிழில், "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார். அவள் ஆங்கிலத்தில், "சார், பை மேலே போக வேண்டும்" என்றாள். "அப்புறம் வைக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அண்ணன் திரும்பிக்கொண்டார்.

அவள் போய்விட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். பை அங்கேயே இருந்தது. "சார், இது இரண்டாவது முறை சொல்கிறேன்" என்றாள். அந்த வார்த்தை அண்ணனைச் சுட்டுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களை உட்கார வைத்தவர்கள், ஐம்பத்தாறு வயது மனிதரிடம் கணக்கு வைத்துப் பேசுகிறார்களே என்று. எழுந்து நின்றார். "ஒன்றரை மணி நேரமா நாங்க பொறுத்தோம், நீ ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டியா? உன் பேர் என்ன?" என்று விரலை நீட்டிக் கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "அவர் சர்க்கரை நோயாளி, மருந்துப் பை அது, இப்படியா நடத்துவீர்கள்?" என்று பக்கத்திலிருந்து குரலை உயர்த்தினேன். அவள் குனிந்து பையை எடுக்கப் போனாள். அண்ணன் அவள் கையைத் தட்டிவிட்டார்.

அடிக்கவில்லை. மேஜைமேல் இருக்கும் மிட்டாயை எடுக்க வரும் குழந்தையின் கையைத் தட்டுவோமே, அந்த அளவுதான். அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை, எந்த உணர்ச்சியும் இல்லை. "ஓகே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்பக்கம் போனாள். அண்ணன் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பி, "இப்படிச் சொன்னாத்தான் கேட்பாங்க" என்றார்.

அதற்குப் பிறகு சுமார் பத்து நிமிடம் யாரும் எங்களிடம் வரவில்லை. விமானமும் நகரவில்லை. முன்னால் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தி இன்டர்காமைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் முடிவாகிக்கொண்டிருந்தது. ஏரோபிரிட்ஜ் மறுபடி வந்து ஒட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தரைப் பணியாளர்கள் இரண்டு பேரும், சி.ஐ.எஸ்.எஃப். சீருடையில் ஒருவரும் வந்தார்கள். "சார், உங்கள் பொருட்களை எடுத்துக்கொண்டு எங்களுடன் வாருங்கள்."

அண்ணன் அப்போதுதான் புரிந்துகொண்டு, "பையை மேலே வெச்சிடறேன், மன்னிச்சுக்கோங்க" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் கூடவே இறங்கினேன். லக்கேஜ் அறையிலிருந்து எங்கள் இரண்டு பெட்டிகளையும் தேடி எடுத்து இறக்கினார்கள். இறங்கிய பயணியின் பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. நாங்கள் உட்கார்ந்திருந்த இருக்கைகளையும் சோதித்தார்கள். ஏற்கெனவே காத்திருந்த மக்கள் இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். நாங்கள் நடந்து போகும்போது அவர்கள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டெர்மினலில் உட்கார்ந்து அண்ணன் புலம்பினார். "2017-ல சிகாகோவுல ஒரு டாக்டரை சீட்டிலிருந்து இழுத்துட்டுப் போனாங்களே, அப்புறம் அந்தக் கம்பெனி அவர்கிட்ட சமாதானம் பேசி நஷ்டஈடு கொடுத்தாங்கதானே? நாமளும் கேஸ் போடலாம்" என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகப் பட்டது. பிறகு யோசித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அந்த மருத்துவர் யாருடைய கையையும் தட்டிவிடவில்லை. பணியாளர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தன் இருக்கையை விட்டுக்கொடுக்கச் சொன்னபோது மறுத்தார், அவ்வளவுதான். அவர் பக்கம் அத்தனை நியாயம் இருந்தும் மூக்கு உடைந்தது, முன்பற்கள் இரண்டு போயின. சமாதானம் எல்லாம் வெளியே வந்த பிறகு, வக்கீல் வைத்து நடந்தது. விமானத்துக்குள்ளே அவரும் தோற்றார்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தது சித்தி மகள். எட்டு வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள். அண்ணனைப் பெரியண்ணா என்பாள். அவளிடம் நியாயம் கேட்கலாம் என்றுதான் நான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்ட கேள்வி, "கேப்டன்கிட்ட அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கிறீங்கண்ணா?"

எனக்குத் தெரியவில்லை.

"நான் சொல்றேன். 'அவசர வழி வரிசையில் ஒரு பயணி, பையை எடுக்கச் சொல்லி இரண்டு முறை சொல்லியாச்சு, மறுத்துட்டார். எழுந்து நின்னு கத்தினார். என் கையைத் தட்டிட்டார். கூட இருக்கறவரும் கத்தறார்.' அவ்வளவுதான். இன்சுலின்ங்கற வார்த்தை அதுல வந்திருக்காது. கேப்டன் காக்பிட்டை விட்டு வரமாட்டார். அவருக்குக் கிடைக்கறது அந்த நாலு வரிதான். அதை வெச்சு அவர் முடிவு பண்ணணும்."

இதை நான் யோசித்ததே இல்லை. நாங்கள் அந்தப் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருப்பதாக நினைத்தோம். அவளோ வாதாடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாள், கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டாள். முடிவு எடுக்கப்போகிறவர் நாங்கள் பேசிய ஒரு வார்த்தையையும் கேட்கவில்லை.

"ஆனா ஒரு பைக்காக இறக்கணுமா?" என்று கேட்டேன்.

"பைக்காக இறக்கலைண்ணா. அந்த வரிசையில ஏன் கீழே எதுவும் வைக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? தீப்பிடிச்சு, புகை மண்டி, ஒண்ணும் தெரியாம எல்லாரும் அந்த வழியா வெளியே வரணும். காலடியில ஒரு பை இருந்தா முதல் ஆள் தடுக்கி விழுவான், அவன் மேல பின்னாடி வர்றவன் விழுவான். அந்த சீட்டுல உட்காரறவர்தான் கதவைத் திறந்து உதவணும். அவரே சொன்னதைக் கேட்கலைன்னா? சுமார் நூத்தி எண்பது பேர் இருக்கற விமானத்துல நாங்க நாலு பேர்தான் இருப்போம். ஐம்பது சீட்டுக்கு ஒருத்தர்னு கணக்கு. தரையில இருக்கும்போதே கைமேல கை வெச்சவர் மேலே போனப்புறம் என்ன பண்ணுவார்னு யாருக்கும் தெரியாது. தரையில இருந்தா கதவைத் திறந்து போலீஸைக் கூப்பிடலாம். நாக்பூருக்கு மேல பறக்கும்போது யாரைக் கூப்பிடறது?"

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. இறக்கிவிடுவது தண்டனை மாதிரி தெரிகிறது, ஆனால் கேப்டன் தண்டனை கொடுப்பதாக நினைத்து அதைச் செய்வதில்லை. இந்த ஆள் மேலே போனபிறகு சொன்னதைக் கேட்பாரா என்று அவர் ஒரு கணிப்புச் செய்கிறார். அதனால்தான் நடந்தது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்பது அங்கே அவ்வளவாக எடுபடுவதில்லை. கடைசி நிமிட மன்னிப்பும் எடுபடுவதில்லை. தரையில் இருக்கும்போது ஒரு பயணியை இறக்க அரை மணி நேரம் போதும். மேலே போனபிறகு வேறு ஊரில் தரையிறக்க வேண்டும். எனவே சந்தேகம் வந்தால் தரையிலேயே முடித்துவிடுகிறார்கள். கதவு மூடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள நேரம்தான் பயணிக்கு மிகவும் ஆபத்தான நேரம். அதே நேரத்தில்தான் நாமும் தாமதத்தால் சூடாகி உட்கார்ந்திருப்போம்.

இந்தியாவில் இதற்கான விதிகளை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017 செப்டம்பரில் வெளியிட்டது. அண்ணன் விஷயத்தில் பின்பற்றியது அதைத்தான். மூன்று படிகள் உண்டு. கையை ஓங்குவது, திட்டுவது, குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது முதல் படி, மூன்று மாதம் வரை அந்த நிறுவன விமானத்தில் ஏறத் தடை. தள்ளுவது, அடிப்பது, பிடிப்பது, தவறாகத் தொடுவது இரண்டாவது, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது, காக்பிட்டுக்குள் நுழையப் பார்ப்பது மூன்றாவது, குறைந்தது இரண்டு வருடம். அண்ணன் தட்டிவிட்ட தட்டு எந்தப் படியில் சேரும் என்று பாருங்கள். குரலோடு நின்றிருந்தால் முதல் படி. கை பட்டதால் இரண்டாவது படிக்குப் போய்விட வாய்ப்பு. பயணி தொட்டுவிட்டாரா என்பதுதான் அங்கே கோடு. மெதுவாகத் தொட்டாரா என்று பிறகுதான் கேட்பார்கள்.

இறங்கியபிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயும் ஆட்கள் தவறு செய்கிறார்கள். எங்களை விமான நிலையக் காவல் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஒருவர் ஹிந்தியில் ஒரு பக்கம் எழுதி, "கையெழுத்துப் போடுங்கள், போகலாம்" என்றார். அண்ணன் பேனாவை எடுத்துவிட்டார். நான், "சார், எங்களுக்கு இதைப் படிக்கத் தெரியாது. நாங்களே ஆங்கிலத்தில் எழுதித் தருகிறோம்" என்று சொன்னேன். அவர் சரி என்றுவிட்டார். அண்ணன் நடந்ததை நடந்தபடி எழுதினார்: எத்தனை மணிக்கு ஊசி போட்டார், பை ஏன் கீழே இருந்தது, எத்தனை முறை சொன்னார்கள், கையைத் தட்டியது உண்மை, அதற்கு வருந்துகிறேன். அந்தத் தாளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டோம். வழக்கு எதுவும் போடவில்லை, இரவு ஒரு மணிக்கு விட்டார்கள். மறுநாள் வேறு டிக்கெட், ஒருவருக்கு 9,400 ரூபாய். பழைய டிக்கெட் பணம் வரவில்லை.

ஒரு வாரத்தில் விமான நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. விஷயம் உள்விசாரணைக் குழுவுக்குப் போகிறது, அதுவரை அந்த நிறுவனத்தின் விமானத்தில் அண்ணன் ஏற முடியாது என்று. இந்தக் குழுவைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைவர். வேறொரு விமான நிறுவனத்திலிருந்து ஒருவர், பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பிலிருந்து ஒருவர் இருப்பார்கள். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தடை தானாகப் போய்விடும். முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அண்ணன் தன் மருத்துவரின் சீட்டையும், காவல் அறையில் எழுதிய தாளின் படத்தையும் இணைத்து ஒரு பக்கப் பதில் அனுப்பினார். அங்கேதான் முதன்முதலாக இன்சுலின் என்ற வார்த்தை விமான நிறுவனத்தின் பேப்பரில் ஏறியது. ஏற்கெனவே கழிந்த தடை நாட்களே போதும் என்று குழு முடித்துவிட்டது.

சித்தி மகளிடம் அதற்கப்புறம் பலமுறை பேசியிருக்கிறேன். "அப்போ பயணிக்கு மறுத்துப் பேச உரிமையே இல்லையா?" என்று ஒருமுறை கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"இருக்கு. நேரமும் வரிசையும்தான் முக்கியம். முதல்ல செய்யுங்க, அப்புறம் சொல்லுங்க. பெரியண்ணா பையைக் கையில எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட நீட்டி, 'இந்தாம்மா, மேலே வைக்கிறேன். உள்ளே இன்சுலின் இருக்கு, இந்தப் பென்னை மட்டும் சட்டைப் பையில வெச்சுக்கலாமா?'ன்னு கேட்டிருந்தா அவளே வெச்சுக்கச் சொல்லியிருப்பா. இல்லைன்னா, 'எனக்கு இந்தப் பை கிட்டவே வேணும், வேற வரிசைக்கு மாத்திவிடுங்க'ன்னு கேட்டிருக்கலாம். மத்த வரிசையில முன் சீட்டுக்கு அடியில வைக்கலாமே. ரெண்டு வழி இருந்தது. ரெண்டையும் யாரும் கேட்கலை."

பல நாள் என்னை உறுத்தியது இதுதான். அண்ணனின் தேவையும் நியாயம், அவளுடைய விதியும் நியாயம். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. பென் சட்டைப் பைக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பையை என் கையில் எடுத்து மேலே வைத்திருக்கலாம். கூட வருகிறவரின் வேலை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நம் ஆளுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தால், அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பிரச்சினை இரண்டு பிரச்சினையாகத் தெரிகிறது. "அண்ணா, நீங்க உட்காருங்க, நான் பேசறேன்" என்று தோளில் கை வைத்திருந்தால் போதும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று குரல். திருச்சியில் நாங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசுவதே தெருவுக்குக் கேட்கும். கையை ஆட்டித்தான் பேசுவோம். மொழி தெரியாதவர்களுக்கு அது சண்டையாகத் தெரிகிறது, அதுவும் நாம் நின்றுகொண்டும் அவர்கள் குனிந்துகொண்டும் இருக்கும்போது. மொழி தடையாக இருந்தால், பக்கத்தில் யாருக்காவது இரண்டு மொழியும் தெரியுமா என்று கேட்பது நல்லது. தமிழ் தெரிந்த பணிப்பெண் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்கலாம், அது குற்றமில்லை. ஹிந்தியில் பேசினாள் என்ற வருத்தம் அண்ணனுக்கு இன்றும் உண்டு. எனக்கும் உண்டு. அதைப் புகாராக எழுதியிருக்கலாம், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். அந்த வரிசையில் நின்று, அந்த நேரத்தில், அவளிடம் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல அது.

மொபைலில் வீடியோ எடுப்பது பற்றியும் கேட்டேன். 2020-ல் டிஜிசிஏ இதைத் தெளிவுபடுத்தியது: பயணி உள்ளே படம் எடுக்கலாம், ஆனால் பாதுகாப்புக்கு இடைஞ்சலாகவோ குழப்பம் உண்டாக்கும்படியோ, பணியாளர்கள் வேண்டாம் என்று சொன்னபிறகோ எடுக்கக் கூடாது. சித்தி மகள் சொன்னது, "முகத்துக்கு நேரே போனை நீட்டினா அந்த நாலு வரியில அஞ்சாவது வரியும் சேர்ந்துடும். மணி என்ன, யார் என்ன சொன்னாங்கன்னு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க, அது யாரையும் உறுத்தாது."

இதைப் பயன்படுத்திப் பார்க்கும் நேரம் 2023-ல் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து நான்கு மாதம். கொல்கத்தாவில் ஒரு கல்யாணத்துக்குப் போக, அம்மா காலை நீட்டி மடக்க வசதியாக நடைபாதை ஓர இருக்கைக்குப் பணம் கட்டியிருந்தேன். விமானத்தை மாற்றிவிட்டார்கள். கையில் கிடைத்த போர்டிங் பாஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு நடு இருக்கை, நடைபாதை ஓரத்தில் வேறொருவர். வாசலில் இருந்த பணிப்பெண்ணிடம் சொன்னேன். "போர்டிங் பாஸில் இருக்கும் இடத்தில் உட்காருங்கள் சார்" என்றாள். எனக்கு உள்ளே கொதித்தது. பின்னால் வரிசை நின்றது.

"சரி, நீங்க சொன்ன இடத்துல உட்காரறோம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, காலை மடக்கி உட்கார முடியாது. ஓர சீட்டுக்குப் பணம் கட்டியிருக்கேன். எல்லாரும் ஏறினப்புறம் உங்க லீட்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், குரல் ஏறாமல். உட்கார்ந்து, அம்மாவுக்குப் பெல்ட் போட்டுவிட்டு, என் பெல்ட்டையும் போட்டுக்கொண்டேன். எழுந்து போய்க் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து, ஆட்கள் ஏறுவது குறைந்தபோது, அழைப்பு பொத்தானை அழுத்தினேன். வந்தது லீட், பணிப்பெண்களுக்குத் தலைமையாக இருப்பவள். அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "சார், ஓர சீட் எதுவும் காலியில்லை" என்றாள்.

"புரியுது. இந்த சீட்டுல அம்மா கஷ்டப்படறதை நான் ஒத்துக்க முடியாது. ஆனா உங்க வேலையைத் தடுக்க மாட்டேன். வேற யாரையாவது கேட்டுப் பார்க்க முடியுமா? முடியலைன்னா, கேட்டேன் இல்லைன்னுட்டாங்கன்னு நான் புகார் எழுதிக்கறேன்" என்றேன். மிரட்டலாக இல்லாமல், அப்படித்தான் நடக்கும் என்று தெரிவிக்கும் குரலில். அவள் ஒரு நொடி அம்மாவின் காலைப் பார்த்தாள். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர இருக்கைக்காரரிடம் அவளே குனிந்து கேட்டாள். அந்த இளைஞர் தாராளமாக எழுந்து உள்ளே மாறிக்கொண்டார். அந்த மனிதரை நான் கேட்காமல் அவள் கேட்டதுதான் சரி. நான் கேட்டிருந்தால் அவர் மறுக்கவும், எனக்குக் கோபம் வரவும் வழி உண்டு.

அம்மா ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். வீட்டுக்கு வந்ததும் இருக்கைக்குக் கட்டிய பணத்தைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பத்து நாள் பதில் இல்லை. அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் பிஎன்ஆர், விமான எண், தேதி, கட்டிய இருக்கை, கொடுத்த இருக்கை, லீட்டிடம் பேசிய நேரம் எல்லாம் போட்டுப் பதிந்தேன். பெயர் சொல்லித் திட்டவில்லை, அந்தப் பெண் உதவினாள் என்பதையும் சேர்த்தே எழுதினேன். மூன்று வாரத்தில் 450 ரூபாய் திரும்பி வந்தது. சின்னத் தொகைதான். ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியை அண்ணனுக்கு அனுப்பினேன்.

எல்லாச் சூழலிலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில வார்த்தைகளையும் செயல்களையும் எவ்வளவு நிதானமான குரலாலும் மீட்க முடியாது. பையில் வெடிகுண்டு என்று விளையாட்டாகச் சொல்வது, கழிவறையில் புகைப்பது, குடித்துவிட்டுத் தள்ளாடி ஏறுவது, கதவின் கைப்பிடியில் கை வைப்பது, இவற்றில் பேசித் தீர்க்க ஒன்றும் இருக்காது. 2022 டிசம்பரில் எங்கள் திருச்சிக்கு வரவேண்டிய விமானம் சென்னையில் தரையில் நிற்கும்போதே ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். தெரியாமல் நடந்தது என்றார்கள். கதவை, காற்றழுத்தத்தை எல்லாம் சோதித்த பிறகே விமானம் கிளம்பியது. 2024 ஜனவரியில் அதே தில்லிப் பனியில், தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி ஓடிவந்து அடித்தார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அண்ணன் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

இறங்கச் சொல்லிவிட்டால் இறங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வந்து நிற்பவர்களுக்கு முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது, கேப்டன் சொன்னதைச் செய்ய வந்தவர்கள். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு விமானம் போனதோடு முடிய வேண்டியது போலீஸ் வழக்காகிவிடும். மருந்து, போன், அடையாள அட்டை, கைப்பை, இந்த நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பெட்டி எங்கே வரும் என்று கேளுங்கள். எதற்காக இறக்குகிறார்கள் என்று ஒருமுறை கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன பொங்கலுக்கு மறுபடி தில்லி போனோம். அண்ணன் இந்தமுறை பத்தொன்பதாவது வரிசையில் ஓர இருக்கை கேட்டு வாங்கினார். ஏறியதும் வாசலில் நின்ற பெண்ணிடம், தான் இன்சுலின் போட்டுக்கொள்பவர், பை முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், தாமதமானால் சாப்பிட வேண்டியிருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அவள் சரி என்று தலையசைத்துச் சீட் எண்ணைக் கேட்டுக்கொண்டாள். விமானம் நாற்பது நிமிடம் தாமதம். நடுவில் அவளே வந்து, "சார், உங்களுக்கு முன்னாடியே சாப்பாடு தரட்டுமா?" என்று கேட்டாள்.